வெளியேறாத வெப்பம்

மார்கழியில் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று தண்ணீர் தந்த டிஸ்பென்சர், சித்திரை வந்ததும் மண்பானைக்குக்கூட ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. குளிர்ச்சி எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் அது கைவிடுகிறது. இதற்கு வீட்டிலும் அலுவலகத்திலும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: ‘கேஸ் போயிருக்கும்’, ‘சிப் போயிருக்கும்’. மிஷினுக்குள் ஏதோ ஒரு பாகம் குளிர்ச்சியைத் தயாரிக்கிறது, அந்தப் பாகம் கெட்டுவிட்டது என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. உண்மையில் டிஸ்பென்சர் குளிர்ச்சி எதையும் தயாரிப்பதில்லை. தண்ணீரில் இருக்கும் வெப்பத்தை எடுத்து அறைக்குள் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆகவே சில்லிப்பு குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பம் வெளியே போகும் வழியை. பாகங்களைச் சந்தேகிப்பது அதற்கு அப்புறம். பக்கத்திலேயே இருக்கும் சூடான குழாய்க்கோ இந்த விதி பொருந்தவே பொருந்தாது. அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

எந்த வகை மிஷின்?

இருபது லிட்டர் கேனைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சர்கள் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே தண்ணீரைக் குளிர்விக்கும் முறை இரண்டு வகை. ஒன்றில் ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற சிறிய கம்ப்ரசர் இருக்கும். மற்றதில் பிஸ்கட்டைவிடச் சிறிய, சதுரமான ஒரு கூலிங் சிப் இருக்கும். மேஜைமேல் வைக்கும் மலிவான மாடல்களில் பெரும்பாலும் சிப்தான்.

பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். பின்பக்கம் கறுப்பு நிறத்தில் கம்பி வலை போல ஒரு சட்டம் மேலிருந்து கீழ்வரை ஓடினால் அது கம்ப்ரசர் வகை. வலை இல்லாமல் துளைகளுக்குப் பின்னால் ஒரு சிறு ஃபேன் சுற்றினால் சிப் வகை. பின்னால் ஒட்டியிருக்கும் விவரப் பட்டியும் சொல்லிவிடும். ஆர்-134ஏ அல்லது ஆர்-600ஏ என்று வாயுவின் பெயர் இருந்தால் கம்ப்ரசர். வாயுவின் பெயரே இல்லாமல், குளிர்விக்க 60, 70 வாட் என்று மட்டும் போட்டிருந்தால் சிப். தூக்கிப் பார்த்தாலும் தெரியும். சிப் மிஷினை ஒரு கையால் நகர்த்திவிடலாம்.

இதை முதலிலேயே தெரிந்துகொள்வது அவசியம். ஒரே தூசு, ஒரே வெயில், ஒரே சுவர் இந்த இரண்டு வகைகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சிப் இல்லாத மிஷினுக்குச் சிப் மாற்றச் சொல்வதும், வாயுவே இல்லாத மிஷினுக்கு கேஸ் அடிக்கச் சொல்வதும் ஊரில் நடக்காத கதைகள் அல்ல.

நான்கு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குளிர்பெட்டி

பாரிஸில் கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு இயற்பியலுக்கு வந்த ழான் பெல்டியே 1834இல் ஒரு விநோதத்தைக் கண்டார். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தின் வழியாக மின்சாரம் போனால் அந்த இடம் ஒரு திசையில் சூடாகிறது. மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் குளிர்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லென்ஸ் என்ற அறிஞர் பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து உறைய வைத்தார். மின்சாரத்தைத் திருப்பியதும் அது உருகியது. அதற்குப் பெல்டியே விளைவு என்று பெயர். இன்றைய கூலிங் சிப் அதே விளைவை நூறு மடங்குக்கு மேல் அடுக்கி வைத்ததுதான்.

டிஸ்பென்சர்களில் அதிகம் காணப்படும் சிப்பின்மேல் 12706 என்று முடியும் ஓர் எண் இருக்கும். 127 ஜோடிகள், அதிகபட்சம் 6 ஆம்பியர் என்று அதற்குப் பொருள். நான்கு சென்டிமீட்டர் சதுரம். தடிமன் நான்கு மில்லிமீட்டரைத் தொடாது. இரண்டு வெள்ளைப் பீங்கான் தகடுகளுக்கு நடுவே பிஸ்மத் டெலுரைடு என்ற பொருளாலான சின்னஞ்சிறு கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. 12 வோல்ட் கொடுத்தால் ஒரு தகடு குளிர்ந்து, எதிர்த் தகடு சூடாகிறது. குளிரும் பக்கம் தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டியிருக்கும். சூடாகும் பக்கத்தில் அலுமினியச் செதில்கள் கொண்ட ஒரு கட்டியும் அதன்மேல் ஒரு ஃபேனும் இருக்கும். மெக்கானிக்குகள் ஹீட் சிங்க் என்று சொல்லும் இந்தக் கட்டி வழியாகத்தான் வெப்பம் வடிய வேண்டும் என்பதால், இதை வெப்பவடிகால் என்று அழைப்போம்.

சிப்பின் பலவீனம் அதன் மெல்லிய உடம்பில் இருக்கிறது. குளிர்ந்த பக்கமும் சூடான பக்கமும் ஒன்றிலிருந்து ஒன்று நான்கு மில்லிமீட்டருக்குள் இருப்பதால், ஒரு பக்கம் தள்ளிய வெப்பத்தில் ஒரு பகுதி எப்போதும் திரும்பிக் கசிந்துகொண்டே இருக்கும். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை வாய்க்காலில் விடாமல் கிணற்று மேட்டிலேயே கொட்டினால் பாதி திரும்ப உள்ளேயே ஊறுமே, அந்த நிலைமை. இது போதாதென்று, சிப்புக்குள் ஓடும் மின்சாரம் தானும் சூட்டை உண்டாக்குகிறது. அதிலும் ஏறத்தாழப் பாதி குளிர்ந்த பக்கத்துக்கே போய்ச் சேர்கிறது. சூடான பக்கம் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வெப்பம் திரும்பி வரும். அது ஓர் எல்லையைத் தொட்டால், சிப் இறைப்பதும் திரும்ப ஊறுவதும் சமமாகிவிடும். அதற்குமேல் சிப் மின்சாரம் குடித்தபடியே இருக்கும், குளிர்ச்சி மட்டும் ஒரு டிகிரிகூடக் கூடாது.

ஒரு தம்ளர் தண்ணீரின் கணக்கு

இது நடைமுறையில் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு தம்ளரை வைத்துப் பார்க்கலாம். எண்களை முழுதாக்கிக்கொள்வோம். மிஷினுக்கு மிஷின் கொஞ்சம் மாறினாலும் போக்கு மாறாது. குளிர்ந்த தொட்டி சுமார் 600 மில்லி. தண்ணீர் 12 டிகிரியில் இருக்கிறது. யாரோ 200 மில்லி பிடிக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்ப கேனிலிருந்து 200 மில்லி இறங்குகிறது. சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையின் வெப்பம் 35 என்றால், கேன் தண்ணீர் 33 டிகிரி இருக்கும். அது கலந்ததும் தொட்டி முழுவதும் 19 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. மறுபடியும் 12க்கு வர 17,600 ஜூல் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ள வேண்டும். நொடிக்கு ஒரு ஜூல் தள்ளுவதுதான் ஒரு வாட் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

நாம் எடுத்துக்கொண்ட சிப், இரு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் சுமார் 50 வாட் வெப்பத்தை இறைக்கும். இரு பக்கத்துக்கும் 70 டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால் இறைப்பு பூஜ்ஜியம். இடைப்பட்ட ஒவ்வொரு டிகிரிக்கும் முக்கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவாக இழந்துகொண்டே வரும். இதில் கவனிக்க வேண்டியது, வித்தியாசத்தைத் தண்ணீருக்கும் அறைக்கும் இடையில் அளக்கக் கூடாது. சிப்பின் இரண்டு தகடுகளுக்கும் இடையில் அளக்க வேண்டும். தண்ணீர் 12இல் இருக்க வேண்டுமானால் குளிர்ந்த தகடு அதைவிட ஏழு டிகிரி கீழே, 5இல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெப்பம் தண்ணீரிலிருந்து தகட்டுக்கு வராது. அதேபோல் சூடான தகடு அறையைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் அறைக்குப் போகும். வெப்பவடிகால் சுத்தமாக இருந்தால் 22 டிகிரி அதிகம் போதும் என்று வைப்போம்.

இப்போது ஏசி அறை. அறையில் 25, சூடான தகடு 47, குளிர்ந்த தகடு 5. வித்தியாசம் 42. சிப் 20 வாட் இறைக்கிறது. தொட்டியைச் சுற்றியுள்ள நுரைப் பஞ்சைத் தாண்டி அறையின் சூடு 4 வாட் உள்ளே கசிகிறது. கைக்கு மிஞ்சுவது 16 வாட். இங்கே கேன் தண்ணீரும் 25தான் என்பதால், ஒரு தம்ளருக்குப் பின் தொட்டி மீண்டும் 12க்கு வரப் பத்து நிமிடம் போதும். அடுத்து மே மாத அறை. அறையில் 35, சூடான தகடு 57, வித்தியாசம் 52. இறைப்பு 13 வாட். கசிவு 7 வாட். மிச்சம் வெறும் 6. அறை பத்து டிகிரிதான் ஏறியது. கைக்கு மிஞ்சும் குளிர்விக்கும் திறனோ மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலாகச் சுருங்கிவிட்டது. ஒரு தம்ளருக்குப் பின் தொட்டி சமாளித்து வர அரை மணி நேரம் ஆகும். நான்கு பேர் உள்ள வீட்டில், மதியச் சாப்பாட்டின்போது ஆளுக்கு ஒரு தம்ளர் என்றால், மூன்றாவது ஆளுக்கே தண்ணீர் சில்லென்று இருக்காது.

சித்திரைப் புதிருக்கான விடையின் பெரும்பகுதி இதுதான். எந்தப் பாகமும் கெடவில்லை. கேனில் வரும் தண்ணீர் சூடானது, சிப் ஏற வேண்டிய ஏற்றம் செங்குத்தானது, கசிவு கூடியது. மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன.

தூசு செய்வது என்ன

மேலே உள்ள கணக்கில் வெப்பவடிகால் சுத்தமாக இருந்தது. அதில் தூசு அடைந்து, அதன் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டதாகக் கொள்வோம். அதே வெப்பத்தை வெளியே தள்ள, தகடு இப்போது அறையைவிட 40 டிகிரி சூடாக வேண்டும். 35 டிகிரி அறையில் அது 75. தண்ணீர் 12இல் இருக்க குளிர்ந்த தகடு 5இல் இருக்க வேண்டும் என்று பார்த்தோம். வித்தியாசம் 70. இறைப்பு பூஜ்ஜியம். அதாவது அந்த மிஷின் 12 டிகிரித் தண்ணீரை இரவு முழுவதும் ஓடினாலும் தர முடியாது. எங்கே போய் நிற்கும் என்றும் கணக்கிடலாம். தண்ணீர் 19 டிகிரியில் இருக்கும்போது சிப் 5 வாட் இறைக்கிறது, 5 வாட் உள்ளே கசிகிறது. தராசு அங்கே நின்றுவிடும். 19 டிகிரித் தண்ணீரைக் குடிப்பவர், ‘குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் போதவில்லை’ என்பார். சிப் பழசாகிவிட்டது என்று தோன்றுவதும் அப்போதுதான்.

இந்தத் தூசு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். ஃபேன் இழுக்கும் காற்றோடு வரும் பஞ்சும் முடியும் வெளித் துளைகளைத் தாண்டி உள்ளே போய், ஃபேனுக்கும் செதில்களுக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டு போலப் படிகின்றன. வெளியிலிருந்து டார்ச் அடித்தாலும் ஃபேன் இறக்கைகள்தான் தெரியும். சமையலறை அருகே இருந்தால் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து இந்தப் படிவு பிசுபிசுப்பாகிறது. அதை ஊதினால் போகாது. ஃபேன் சுற்றுகிறதே, காற்று போகத்தானே செய்யும் என்று நினைப்பது இயல்பு. ஃபேன் சுற்றுவதும் செதில்களுக்கு இடையே காற்று போவதும் ஒன்றல்ல. பின்பக்கத் துளைகளில் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் தெரிந்துவிடும். சுத்தமான மிஷினில் காகிதம் தெளிவாக அசையும் அல்லது ஒட்டிக்கொள்ளும்.

சுத்தம் செய்வது கடினமில்லை. பிளக்கை உருவிவிட்டு, பின்மூடியைத் திறந்து, ஃபேனின் நான்கு திருகுகளைக் கழற்றினால் படிவு அப்படியே கண்ணில் படும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் செதில்களின் வாக்கிலேயே இழுத்துவிட்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் போதும். தண்ணீரோ ஈரத்துணியோ கூடாது. பக்கத்திலேயே மின்பலகை இருக்கிறது. வெப்பவடிகாலைச் சிப்பிலிருந்து பிரிக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பசை, வெப்பம் தடையின்றிக் கடக்க உதவுவது. பிரித்துவிட்டுப் புதுப் பசை தடவாமல் மாட்டினால் தூசு இருந்தபோது இருந்ததைவிட நிலைமை மோசமாகும். ஐந்தாறு ஆண்டு ஓடிய மிஷினில் இந்தப் பசை தானாகவே காய்ந்து வெடித்திருக்கலாம். தூசைத் தட்டியும் பலன் தெரியாவிட்டால் அடுத்த சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும்.

ஃபிரிட்ஜ் மட்டும் எப்படித் தாங்குகிறது?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால் பத்து வருடத் தூசு இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. அது பாட்டுக்கு ஐஸ் போடுகிறதே? தூசு இவ்வளவு பெரிய குற்றவாளி என்றால் ஃபிரிட்ஜும் படுத்திருக்க வேண்டாமா?

கம்ப்ரசரும் செய்வது அதே வேலைதான், வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவது. தள்ளும் விதம் வேறு. குழாய்க்குள் இருக்கும் குளிர்வாயு, தொட்டியைச் சுற்றி வரும்போது திரவ நிலையிலிருந்து ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கி, பின்னால் உள்ள கறுப்புக் கம்பி வலைக்கு அனுப்புகிறது. கன்டென்சர் எனப்படும் அந்த வலையில் ஆவி மறுபடி திரவமாகி, வாங்கிய வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிடுகிறது. வெப்பத்தை எடுக்கும் இடமும் விடும் இடமும் இங்கே தள்ளித் தள்ளி இருக்கின்றன. நடுவே நீளமான குழாய் மட்டுமே இருப்பதால் சிப்பில் போலத் திரும்ப ஊறுவது ஏறக்குறைய இல்லை. சாதாரண ஃபிரிட்ஜின் உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறது. பின்வலை 45, 50 டிகிரிக்குச் சூடாகிறது. சிப் மூச்சுத் திணறி நிற்கும் அந்த எழுபது டிகிரி வித்தியாசத்திலும் கம்ப்ரசர் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஆகவே கம்ப்ரசர் டிஸ்பென்சரில் தூசு படிந்தால் குளிர்ச்சி சட்டென்று சரியாது. மே மாத அறையில் அது 60 வாட் வேகத்தில் இறைக்கிறது என்று கொண்டால், நமது அதே தம்ளர்க் கணக்கில் ஐந்து நிமிடத்தில் தொட்டி பழைய நிலைக்கு வந்துவிடும். தூசு அந்த வேகத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் ஏழு நிமிடமாகும். குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தூசின் விலையைக் கரன்ட் பில்லும் கம்ப்ரசரின் ஆயுளும் கொடுக்கின்றன. நின்று நின்று ஓட வேண்டிய கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். கோடை நடுப்பகலில் சூடு தாங்காமல் அதன் பாதுகாப்பு சுவிட்ச் ‘டிக்’ என்று விழுந்து, ஆறிய பின் மறுபடி ஓடத் தொடங்கும். மறுப்பு உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் அது கம்ப்ரசரைப் பற்றிய உண்மை. சிப் மிஷினில் அந்தக் கையிருப்புத் திறன் முதலிலிருந்தே இல்லை.

கம்ப்ரசர் வகைக்குத் தூசைவிடச் சுவர்தான் பெரிய எதிரி. கம்பி வலைக்கு ஃபேன் கிடையாது. சூடான காற்று தானாக மேலே எழும்பி, கீழிருந்து புதுக் காற்று வந்தால்தான் வலை ஆறும். மூலையில் இடம் மிச்சம் பிடிக்க மிஷினைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும்.

அப்படியானால் சிப் மிஷினை விற்பதே ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. சத்தமில்லை, அதிர்வில்லை, எடை குறைவு, விலையும் குறைவு. ஏசி உள்ள சின்ன அறையில் ஒருவர் இருவர் மணிக்கு இரண்டு மூன்று தம்ளர் குடிப்பதற்கு அது சரியான கருவி. ஐந்து பேர் இருக்கும், ஏசி இல்லாத தென்னிந்திய வீட்டுக் கூடத்தில் அதை வைத்துவிட்டுப் பனிக்கட்டித் தண்ணீரை எதிர்பார்ப்பதுதான் தவறு. ‘அறையைவிட 10 முதல் 15 டிகிரி குறைவாக’ என்று சில தயாரிப்பாளர்கள் போடும் குறிப்பை வாங்குபவர்கள் படிப்பதில்லை. அறை 37 என்றால் தண்ணீர் 22 முதல் 27 வரை என்பது அந்தக் குறிப்பின் நேரான பொருள்.

கை சொல்லும் சாட்சி

வழி திறந்திருந்தும் குளிரவில்லை என்றால் பாகங்களைச் சந்தேகிக்கலாம். அங்கேயும் வெப்பம்தான் துப்பு கொடுக்கிறது. தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பம் எங்கேயாவது வெளிவந்தாக வேண்டும் என்பதால், வெளிவரும் இடத்தைத் தொட்டுப் பார்த்தால் பாதி விசாரணை முடிந்துவிடும். கம்ப்ரசர் வகையில், இரண்டு தம்ளர் பிடித்துவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டபின் பின்வலையின் மேல்பகுதியைத் தொட வேண்டும். கம்ப்ரசரும் ஓடுகிறது, வலையும் நன்றாகச் சூடாக இருக்கிறது என்றால் வாயு இருக்கிறது, இறைப்பும் நடக்கிறது. குறை காற்றோட்டத்திலோ பயன்பாட்டிலோதான். கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் வலை அறையின் வெப்பத்திலேயே கிடந்தால், சுமந்து வர வாயு இல்லை என்று கொள்ளலாம். ‘கேஸ் போயிருக்கும்’ என்ற தீர்ப்பு உண்மையாகும் இடம் இது. அப்போதும் கசிந்த இடத்தை அடைக்காமல் வெறுமனே கேஸ் ஏற்றினால் சில வாரங்களில் அதே நிலைக்கு வந்துவிடும். குழாய் மூடிய அமைப்பு; ஓட்டை இல்லாமல் வாயு குறையாது. ‘டிக்’ சத்தம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டு, கம்ப்ரசர் ஓட முயன்று நின்றால் ரிலேயையோ மின்னழுத்தத்தையோ பார்க்க வேண்டும்.

சிப் வகையில் அதே சோதனையை ஃபேன் வெளிவிடும் காற்றில் செய்யலாம். காற்று வெதுவெதுப்பாக, தாராளமாக வந்தால் எல்லாம் சரி. கொஞ்சமாக, கொதிப்பாக வந்தால் தூசு. தாராளமாக வந்தும் அறைக் காற்றுப் போலவே இருந்தால் சிப்புக்குள் மின்சாரம் ஓடவில்லை. சிப்பின் 127 ஜோடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சங்கிலியில் இணைக்கப்பட்டவை. சூடாவதும் குளிர்வதுமாகப் பல ஆண்டுகள் கழிந்ததில் ஏதாவது ஒரு பற்றவைப்பு விரிசல் விட்டாலும் மொத்தச் சிப்பும் செத்துவிடும். ஆகவே உண்மையாகவே போய்விட்ட சிப் பெரும்பாலும் முழுதாகவே போயிருக்கும். தண்ணீர் கொஞ்சமாவது குளிர்கிறது என்றால் சிப்பைவிட வடிகாலைச் சந்தேகிப்பதே புத்திசாலித்தனம். விரிசல் மெல்ல விரியும்போது சில வாரங்கள் மின்சாரம் குறைந்து ஓடுவதும் உண்டு என்பதால் இதை விதி என்று சொல்ல முடியாது. ஆனால் புதுச் சிப் வாங்குவதற்கு முன் பிரஷ்ஷை எடுப்பதற்கு இந்த வாதம் போதும்.

சூடான குழாயின் வழக்கு வேறு

சூடு பண்ணுவதில் வெளியேற்ற எதுவும் இல்லை. மின்சாரம் முழுவதும் ஹீட்டரில் வெப்பமாகிறது, தொட்டிக்குள் இறங்குகிறது. ஆகவே பின்னால் எவ்வளவு தூசு படிந்தாலும் சூடான தண்ணீர் ஒரு டிகிரிகூட ஆறாது. ஹீட்டருக்கு அரைகுறையாகக் கெடும் வழக்கமும் கிடையாது. உள்ளே இருக்கும் கம்பி அறுந்தால் சுத்தமாக நிற்கும், அறுகாவிட்டால் முழுதாக வேலை செய்யும். வோல்டேஜ் குறைவும் காரணமாகாது. 230 வோல்ட் 180க்கு இறங்கினால் 500 வாட் ஹீட்டர் சுமார் 300 வாட்டாகிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் தெர்மோஸ்டாட் சொல்லும் வெப்பநிலை வரும்வரை ஹீட்டர் ஓடும் என்பதால், தண்ணீர் தாமதமாகச் சூடாகுமே தவிர குறைவாகச் சூடாகாது. பிறகு வெதுவெதுப்பு எங்கிருந்து வருகிறது?

வெதுவெதுப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது பதில். கேன் தண்ணீரும் சூடான குழாய்த் தண்ணீரும் ஒரே மாதிரி இருந்தால் ஹீட்டருக்கு மின்சாரமே போகவில்லை. கேன் காலியான பிறகும் சூடு சுவிட்ச் போட்டபடியே இருந்தால் தொட்டி வறண்டு கொதிக்கும். அப்போது ஒரு பாதுகாப்புத் துண்டிப்பான் விழுந்துவிடும். பல மாடல்களில் அது தானாக ஒட்டாது. உள்ளே இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். மெக்கானிக் வந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்து ‘ஹீட்டர் மாற்றினேன்’ என்று சொல்ல வாய்ப்புள்ள இடமும் இதுதான்.

முதல் தம்ளர் கொதிக்கக் கொதிக்க வந்து, நான்காவது வெதுவெதுப்பாக வந்தால் கோளாறே இல்லை. ஒரு லிட்டர் தொட்டியில் 88 டிகிரித் தண்ணீரிலிருந்து மூன்று கப், அதாவது 450 மில்லி எடுத்தால், அந்த இடத்தில் 33 டிகிரித் தண்ணீர் வந்து சேர்கிறது. எல்லாம் கலந்தால் 63. ஹீட்டர் அதை மறுபடி ஏற்ற மூன்றரை நிமிடம் ஆகும். விருந்தாளிகள் வந்த நேரத்தில் மட்டும் மிஷின் கெட்டுப்போவது போலத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

எப்போதும், முதல் கப்பிலேயே 60 டிகிரி போல வந்தால்தான் உண்மையான கோளாறு. அதில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உப்புப் படிவு. ஹீட்டர் தொட்டிக்குள் மூழ்கியிருந்தால் படிவு சூடாவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சில மிஷின்களில் ஹீட்டர் தொட்டியின் வெளிச்சுவரில் பட்டையாகச் சுற்றப்பட்டிருக்கும், தெர்மோஸ்டாட்டும் அதே சுவரில் ஒட்டியிருக்கும். உள்ளே படிந்த வெள்ளை ஓடு சுவரிலிருந்து தண்ணீருக்குப் போகும் வெப்பத்தை மறிக்கும்போது, சுவர் சீக்கிரமாகவே 90ஐத் தொட்டுவிடும். தெர்மோஸ்டாட் அளப்பது சுவரை, தண்ணீரை அல்ல. வேலை முடிந்தது என்று நினைத்து அது ஹீட்டரை நிறுத்திவிடுகிறது. படிவைக் கரைத்தால் தீர்வது இந்த வகை. ஆர்.ஓ. கேன் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் இது அரிது. போர் தண்ணீரை நிரப்பி வைக்கும் வீடுகளில் சாதாரணம். படிவு இல்லாமலும் முதல் கப் இப்படியே வந்தால், தெர்மோஸ்டாட் பழசாகி முன்கூட்டியே விழுகிறது. அது விலை குறைந்த பாகம், மாற்றிவிடலாம்.

கடைசியாக, மிஷினைக் குற்றம் சொல்வதற்கு முன் கப்பையும் விசாரிக்க வேண்டும். டிஸ்பென்சர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. 85, 90 டிகிரியிலேயே நிறுத்திவிடும். அந்த 88 டிகிரித் தண்ணீர் 150 மில்லியை 300 கிராம் எடையுள்ள தடித்த பீங்கான் கோப்பையில் பிடித்தால், கோப்பை தன் பங்கைக் குடித்துவிட்டுத் தண்ணீரை 71 டிகிரிக்கு இறக்கிவிடும். அறுபது கிராம் எடையுள்ள மெல்லிய எவர்சில்வர் தம்ளரில் பிடித்தால் 85 டிகிரியில் இருக்கும். டீத்தூள் பையிலிருந்து நிறம் இறங்கவில்லை என்று வரும் புகார்களில் சில, கோப்பையை முதலில் கொஞ்சம் சூடான தண்ணீரால் அலசி ஊற்றினாலே தீர்ந்துவிடும்.